இரண்டாம் செவ்வாய்க்கு முந்தைய திங்கள்: ஏப்ரலிலும் ஜூலையிலும் மட்டும் அறிவிப்பு ஏன் ஒரு வாரம் பிந்துகிறது?

மண்டபச் செயலாளர் | 15 ஜூலை 2025, இரவு 8.40

வணக்கம். பாடாங் செராயில் எங்கள் குடியிருப்பாளர் சங்க மண்டபத்தில் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பழைய தோட்டத்து ஆட்கள்தாம் அதிகம் வருவார்கள். அவர்களுக்கு முதல் நாள் மாலை ஏழு மணிக்கு, அதாவது திங்கட்கிழமை, சங்கப் பக்கத்திலும் புலனக் குழுவிலும் ஓர் அறிவிப்பு தானாகப் போகும். எனக்கு முன்பு இருந்தவர் அமைத்து வைத்தது. விதி இதுதான்:

```
RRULE:FREQ=MONTHLY;BYDAY=2MO
```

மே மாதம் சரியாக வந்தது. ஜூனும் சரி. ஆனால் இந்த மாதம் தாதியர் 8-ஆம் தேதியே வந்து, ஆளில்லாத மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். அறிவிப்போ நேற்று, 14-ஆம் தேதி மாலைதான் போனது. அதை நம்பி இன்று காலை கிழவர்களும் கிழவிகளும் வெறும் வயிற்றோடு பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறார்கள். யாரிடம் சொல்லி அழுவது?

பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தேன். ஏப்ரலிலும் இப்படித்தான். அன்றும் 14-ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு மாலையில் போயிருக்கிறது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை போலும். தளம் கெட்டுவிட்டதா, விதி தவறா?

---

லயத்துத் தம்பி | 15 ஜூலை, இரவு 9.05

அண்ணா, அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். உங்கள் சங்கக் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் `cron` போதும். இரண்டாம் செவ்வாய் என்றால் எப்போதும் 8 முதல் 14 தேதிக்குள்தான் விழும். முந்தைய திங்கள் 7 முதல் 13-க்குள். ஆகவே ஒரே வரி:

```
0 19 7-13 * 1
```

தேதி 7 முதல் 13, கிழமை திங்கள், மாலை ஏழு மணி. முடிந்தது.

---

வேல்முனை | 15 ஜூலை, இரவு 9.30

எங்கள் கோயிலிலும் இதே தொல்லைதான். பிரதோஷ அறிவிப்பை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று போட்டிருந்தார்கள். முதல் இரண்டு முறை பொருந்தியது, பிறகு தடம் மாறிவிட்டது. இப்போது பிரதோஷம் முடிந்து சாமி உள்ளே போன பிறகுதான் அறிவிப்பு வருகிறது. இதற்கும் இரண்டாம் செவ்வாய் மாதிரி ஒரு விதி எழுதித் தர முடியுமா?

---

கிராணி | 16 ஜூலை, காலை 6.50

செயலாளரே, தளம் கெடவில்லை. எழுதியதை எழுதியபடியே செய்திருக்கிறது. நீங்கள் கேட்பது இரண்டாம் செவ்வாய்க்கு முந்தைய நாள். விதியில் இருப்பது இரண்டாம் திங்கள். இரண்டும் பெரும்பாலான மாதங்களில் ஒரே நாளாக இருப்பதால்தான் இத்தனை நாளும் இது தெரியாமல் கிடந்தது.

நாட்காட்டியை எடுத்து இந்த மாதத்தைப் பாருங்கள். ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. ஆகவே இரண்டாம் செவ்வாய் 8-ஆம் தேதி. அதற்கு முந்தைய திங்கள் 7-ஆம் தேதி. ஆனால் அந்த 7-ஆம் தேதி இந்த மாதத்தின் முதல் திங்கள்! ஒன்றாம் தேதிக்கு முந்தைய திங்கள் ஜூன் 30-ஆகப் போய்விட்டதால், திங்களுக்கு ஒரு எண்ணிக்கை குறைந்துவிட்டது. இரண்டாம் திங்கள் என்று கேட்டால் 14-ஆம் தேதியைத்தான் தரும். ஏப்ரல் 1-உம் செவ்வாய். அதனால்தான் அங்கும் 14.

மே 1 வியாழன். செவ்வாய்கள் 6, 13. திங்கள்கள் 5, 12. பொருந்துகிறது. ஜூன் 1 ஞாயிறு. செவ்வாய்கள் 3, 10. திங்கள்கள் 2, 9. அதுவும் பொருந்துகிறது. மாதம் செவ்வாயில் பிறந்தால் மட்டுமே பிசகும். வேறு எந்தக் கிழமையில் பிறந்தாலும் பிசகாது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடுத்ததாக செவ்வாயில் பிறக்கும் மாதம் 2026 செப்டம்பர். நடுவில் பதின்மூன்று மாதங்கள் இந்தத் தவறான விதி சரியான விதியைப் போலவே நடந்துகொள்ளும். ஆகஸ்டில் சரியாக வந்துவிட்டது, செப்டம்பரிலும் வந்துவிட்டது என்று நீங்கள் இதை மறந்துவிடுவீர்கள். அதற்குள் புதிய செயலாளர் வந்திருப்பார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, மீண்டும் பூட்டிய கதவு.

திருத்தம் இது:

```
RRULE:FREQ=MONTHLY;BYDAY=MO;BYMONTHDAY=7,8,9,10,11,12,13
```

தம்பி சொன்ன 7 முதல் 13 என்ற கணக்கு சரிதான். மாத விதியில் `BYMONTHDAY`-உம் `BYDAY`-உம் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் பொருந்தும் நாள் மட்டுமே தேறும். ஏழு தொடர் தேதிகளில் ஒரே ஒரு திங்கள்தான் இருக்க முடியும். எனவே மாதத்துக்கு ஒன்று, அதுவும் சரியான ஒன்று.

ஆனால் தம்பியின் `cron` வரியைப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று மதியம் எழுதுகிறேன், பேரனைப் பள்ளியில் விட வேண்டும்.

---

லயத்துத் தம்பி | 16 ஜூலை, காலை 7.15

ஐயா, அதே கணக்கைத்தானே நானும் சொன்னேன்? 7 முதல் 13, திங்கள். என்ன வேறுபாடு?

---

கிராணி | 16 ஜூலை, மதியம் 1.20

கணக்கு ஒன்று, இலக்கணம் வேறு. `cron`-இல் தேதிக் கட்டமும் கிழமைக் கட்டமும் இரண்டும் நிரப்பப்பட்டிருந்தால், இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே அது ஓடும். இரண்டும் பொருந்த வேண்டும் என்று அது கேட்பதில்லை. உங்கள் வரியை ஜூலையில் ஓடவிட்டிருந்தால் 7, 8, 9 என்று 13 வரை தினமும் மாலை ஏழு மணிக்கு அறிவிப்பு போயிருக்கும். அதற்கு மேல் 14, 21, 28 ஆகிய திங்கள்களிலும் போயிருக்கும். மொத்தம் பத்து முறை "நாளைக் காலை பரிசோதனை". கிழவிகள் மண்டபத்திலேயே பாய் விரித்திருப்பார்கள்.

`cron`-ஐ விட மனமில்லை என்றால் தேதியை அதனிடம் விட்டு, கிழமையைக் கட்டளைக்குள் சோதியுங்கள்:

```
0 19 7-13 * * [ "$(date +\%u)" = 1 ] && ./notice.sh
```

விழுக்காட்டுக் குறிக்கு முன்னால் உள்ள சாய்கோட்டை அழித்துவிடாதீர்கள். `cron` கோப்பில் அந்தக் குறி தனியாக நின்றால் வரி அங்கேயே முடிந்துவிடும்.

---

லயத்துத் தம்பி | 16 ஜூலை, மதியம் 1.45

என் கணினியில் `0 8 * * 2` என்று ஒன்று பல மாதங்களாகச் சரியாக ஓடுகிறது. அதில் இப்படி எதுவும் நடக்கவில்லையே.

---

கிராணி | 16 ஜூலை, மதியம் 1.58

அதில் தேதிக் கட்டம் நட்சத்திரம். கிழமை ஒன்றுதான் நிபந்தனை. இரண்டையும் எண்ணால் நிரப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

---

மண்டபச் செயலாளர் | 16 ஜூலை, மாலை 5.10

கிராணி ஐயா, நன்றி. நாட்காட்டியை மேசையில் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. எங்கள் தளத்தில் "தனி விதி" என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் இந்த வரியை ஒட்டிவிட்டேன். ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஏற்றுக்கொண்டதாலேயே சரி என்று எப்படி நம்புவது? பழைய விதியையும் அது ஏற்றுக்கொண்டதுதானே. அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை காத்திருக்க முடியாது.

---

கூலிம் ஷிப்ட் | 16 ஜூலை, இரவு 11.30

காத்திருக்க வேண்டாம். விதிக்குக் கடந்த காலத்தில் ஒரு தொடக்கத் தேதியைக் கொடுத்து விரித்துப் பாருங்கள். பிசகிய மாதங்கள் ஏப்ரலும் ஜூலையும் என்று உங்களுக்கே தெரியும், அவற்றைக் கொண்டே சோதிக்கலாம். பைத்தானில் `dateutil` இருந்தால்:

```
from datetime import datetime
from dateutil.rrule import rrulestr
r = rrulestr(
  "FREQ=MONTHLY;BYDAY=MO;BYMONTHDAY=7,8,9,10,11,12,13",
  dtstart=datetime(2025, 4, 7, 19))
for d in r[:6]:
    print(d)
```

ஏப்ரல் 7, மே 12, ஜூன் 9, ஜூலை 7, ஆகஸ்டு 11, செப்டம்பர் 8 என்று வரும். ஒவ்வொன்றுக்கும் மறுநாள் இரண்டாம் செவ்வாயா என்று நாட்காட்டியில் பாருங்கள். பிறகு தொடக்கத்தை 2026 ஆகஸ்டுக்கு மாற்றி, செப்டம்பரில் 7 வருகிறதா, டிசம்பரில் 7 வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் இதே நோய் வேறு வழியாக வந்தது. அறிவிப்பு செவ்வாய் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும், முந்தைய நாள் பேச்சே இல்லை. ஆனால் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால். எனவே நம் செவ்வாய் காலை 7 என்பது அங்கே திங்கள் இரவு 11. யாரோ அதற்கு ஏற்றபடி `2TU`-ஐ `2MO` என்று மாற்றி, மணியை 23 என்று போட்டிருந்தார்கள். அதே ஏப்ரல், அதே ஜூலை, ஒரு வாரத் தாமதம்.

விதியை உள்ளூர் நேரத்தில் எழுதி நேர மண்டலத்தைப் பெயர் சொல்லிக் கட்டினால் இந்த வேலையே இல்லை:

```
DTSTART;TZID=Asia/Kuala_Lumpur:20250812T070000
RRULE:FREQ=MONTHLY;BYDAY=2TU
```

மணியை மாற்றலாம், கிழமையைக் கூட மாற்றலாம். ஆனால் "இரண்டாம்" என்ற எண்ணிக்கை மாத எல்லையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதை ஒரு நாள் பின்னால் தள்ளினால் அது தன்னோடு மாதத்தையும் இழுத்துக்கொண்டு வராது.

---

லயத்துத் தம்பி | 17 ஜூலை, காலை 7.30

`BYSETPOS=2` என்று ஒன்று இருக்கிறதே. அதைப் போட்டால் சரியாகாதா?

---

கிராணி | 17 ஜூலை, காலை 8.05

`BYDAY=MO;BYSETPOS=2` என்றால் மாதத்துத் திங்கள்களை வரிசையில் நிறுத்தி இரண்டாவதை எடு என்று பொருள். `2MO` சொல்வதும் அதையேதான். வேறு உடுப்பு, அதே ஆள். ஜூலையில் 14 என்றே சொல்லும்.

செயலாளருக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். என் விருப்பம் இதுதான். பரிசோதனை நாளை நிகழ்வாக `2TU` என்றே பதிந்துவிட்டு, நினைவூட்டலை "நிகழ்வுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால்" என்று அதனோடு கட்டுங்கள். அப்போது நாளை எண்ணும் வேலை ஓரிடத்தில் மட்டும் நடக்கும். பின்னால் பரிசோதனை மூன்றாம் செவ்வாய்க்கு மாறினால், ஓர் எண்ணைத் திருத்தினால் நினைவூட்டலும் கூடவே நகரும். 7 முதல் 13 வரை பட்டியல் வைத்திருந்தால் அதைத் தனியாக 14 முதல் 20 என்று மாற்ற வேண்டும். நிகழ்வை மாற்றுகிறவருக்கு அது நினைவில் இருக்காது.

---

கூலிம் ஷிப்ட் | 17 ஜூலை, காலை 8.40

ஏட்டளவில் அது அழகு. ஆனால் பல தளங்களில் பதிவு வெளியாகும் நேரத்துக்கு மட்டும்தான் விதி உண்டு, நிகழ்வு என்று தனியாக எதுவும் இல்லை. "முன்னால்" என்று கட்ட இடமே இராது. அப்படிப்பட்ட இடத்தில் தேதிப் பட்டியல்தான் கதி. பதிவின் தலைப்பிலேயே "பரிசோதனை: இரண்டாம் செவ்வாய்" என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவருக்குப் புரியும்.

---

மண்டபச் செயலாளர் | 17 ஜூலை, மதியம் 12.15

எங்கள் தளம் இரண்டாவது வகை. பட்டியலையே வைத்துக்கொள்கிறேன்.

வந்ததுதான் வந்தேன், இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பழைய மெத்தை, உடைந்த நாற்காலி, வெட்டிய கிளை எடுக்கும் பெரிய குப்பை லோரி செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறது. இந்த வாரம் 15-ஆம் தேதி வந்தது, அடுத்து 29. இதற்கு அறிவிப்பே இல்லை, புதிதாக எழுத வேண்டும்.

---

லயத்துத் தம்பி | 17 ஜூலை, மதியம் 12.40

இதற்கு நான் சொல்வது கட்டாயம் சரி. ஆண்டின் வாரங்களுக்கு எண் உண்டு. `date +%V` கொடுத்தால் வரும். 15 ஜூலை 29-ஆம் வாரம், ஒற்றைப்படை. 29 ஜூலை 31-ஆம் வாரம், அதுவும் ஒற்றை. ஆகவே ஒற்றை வாரத்துச் செவ்வாயில் மட்டும் ஓடு என்றால் போதும். நான் எங்கள் அப்பாவின் மருந்துக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆண்டு மாறியபோதும் பிசகவில்லை.

---

கிராணி | 17 ஜூலை, மாலை 4.30

ஆண்டு மாறியபோது பிசகாததற்குக் காரணம் 2024-உம் 52 வாரம் கொண்ட ஆண்டு. 52 இரட்டை, அடுத்தது 1 ஒற்றை, முறை தொடர்கிறது. ஆனால் வியாழனில் பிறக்கும் ஆண்டுக்கும், புதனில் பிறக்கும் லீப் ஆண்டுக்கும் அந்தக் கணக்கில் 53 வாரங்கள். 2020 அப்படிப்பட்டது. 2026-உம் அப்படிப்பட்டது.

2026 டிசம்பர் 29 செவ்வாய், 53-ஆம் வாரம், ஒற்றை. அறிவிப்பு போகும், லோரியும் வரும். அடுத்த செவ்வாய் 2027 ஜனவரி 5, முதலாம் வாரம், அதுவும் ஒற்றை. அறிவிப்பு போகும், லோரி வராது. ஊரே மெத்தையை வெளியே போட்டு மழையில் ஊறவிடும். லோரி ஜனவரி 12-ஆம் தேதி வரும், அது இரட்டை வாரம், அறிவிப்பு இல்லை. அதன்பின் ஆண்டு முழுவதும் அறிவிப்பும் லோரியும் ஆளுக்கொரு வாரமாக மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். ஒரு தடவை பிசகிவிட்டுத் திரும்புவது இல்லை இது, கட்சி மாறியதுபோல் அங்கேயே நின்றுவிடும்.

அப்பாவின் மருந்து என்கிறீர்கள். அதை முதலில் மாற்றுங்கள் தம்பி.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்பதற்கு ஆண்டும் தெரியாது மாதமும் தெரியாது. அதற்குத் தெரிய வேண்டியது எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது மட்டுமே. அதைத் தொடக்கத் தேதி சொல்லும்:

```
DTSTART;TZID=Asia/Kuala_Lumpur:20250715T070000
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=TU
```

இதில் முதல் வரிதான் உயிர். இரண்டாம் செவ்வாய் விதிக்குத் தொடக்கத் தேதியை ஆகஸ்டு என்று போட்டாலும் செப்டம்பர் என்று போட்டாலும் அதன்பின் வரும் நாட்கள் ஒன்றுதான். இங்கே 15-க்குப் பதில் 22 என்று போட்டால் எல்லாமே தலைகீழ். சில தளங்களில் பதிவின் சொற்களைத் திருத்திச் சேமித்தாலே தொடக்கத் தேதி அன்றைய தேதியாக மாறிவிடும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தப் போய் லோரியின் வாரத்தை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சேமித்த பிறகு அடுத்த இரண்டு தேதிகள் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

---

டியூஷன் டீச்சர் | 17 ஜூலை, இரவு 9.15

இதைப் படித்த பிறகுதான் என் அட்டவணையைத் திறந்தேன். நாங்களும் கெடாவில்தான் இருக்கிறோம், எங்களுக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிறு அன்று பயிற்சித் தாளும் அதே வாரம் செவ்வாய் அன்று விடையும் பதிவாக வேண்டும். ஆகஸ்டு 3 ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியிருக்கிறேன். `INTERVAL=2;BYDAY=SU,TU` என்றுதான் இருக்கிறது. ஆனால் முன்னோட்டத்தில் ஆகஸ்டு 3, பிறகு 12, 17, 26, 31 என்று காட்டுகிறது. 5-ஆம் தேதி விடை எங்கே போனது?

---

கிராணி | 18 ஜூலை, காலை 6.40

டீச்சர், உங்கள் வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. ஆனால் அதை நீங்கள் விதிக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இந்த விதிகளுக்கான தரமான RFC 5545 திங்களில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளும். அதன் கண்ணில் ஆகஸ்டு 3 ஞாயிறு, ஜூலை 28-இல் தொடங்கிய வாரத்தின் கடைசி நாள். அந்த வாரத்துச் செவ்வாய் தொடக்கத் தேதிக்கு முன்பே போய்விட்டது. ஆகஸ்டு 4-இல் தொடங்குவது விடும் வாரம், எனவே 5-ஆம் தேதி இல்லை. 11-இல் தொடங்குவது எடுக்கும் வாரம், அதில் 12 செவ்வாய், 17 ஞாயிறு. உங்கள் மாணவர்களுக்கு விடை முதலில், கேள்வி ஐந்து நாள் கழித்து.

```
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=SU,TU;WKST=SU
```

இப்போது ஆகஸ்டு 3, 5, 17, 19, 31, செப்டம்பர் 2 என்று வரும்.

குப்பை லோரிக்கு இது வேண்டாம். ஒரே கிழமை என்றால் வாரம் எங்கே தொடங்கினாலும் பதினான்கு நாள் பதினான்கு நாள்தான். இரண்டு கிழமைகள் இருந்து, ஒரு வாரம் விட்டு வரும்போதுதான் இந்தக் கேள்வி எழும்.

---

டியூஷன் டீச்சர் | 18 ஜூலை, காலை 7.10

போட்டுப் பார்த்தேன் ஐயா, வந்துவிட்டது. பினாங்கில் இருக்கும் தோழிக்கும் இதே அட்டவணையை அனுப்பியிருந்தேன். அவர்கள் பக்கம் வாரத் தொடக்கம் வேறு. அவளுக்கும் இதையே அனுப்பலாமா?

---

கூலிம் ஷிப்ட் | 18 ஜூலை, காலை 7.25

அனுப்பலாம். `WKST` என்பது விதி எண்ணும் முறை, ஊர் விடுமுறையைப் பார்ப்பதில்லை. விதிக்குள் எழுதியிருந்தால் எங்கே திறந்தாலும் அதே நாட்கள்தான் வர வேண்டும். ஆனால் சில செயலிகள் விதியை உள்வாங்கும்போது தமக்குத் தெரியாத பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அவள் திரையில் 5-ஆம் தேதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

---

வேல்முனை | 18 ஜூலை, காலை 9.00

என் பிரதோஷத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

---

கிராணி | 18 ஜூலை, மாலை 5.20

மறக்கவில்லை ஐயா, உங்களுக்குச் சொல்ல விதி இல்லை, அதனால் தள்ளிப்போட்டேன். பிரதோஷம் திரயோதசியைப் பார்த்து வருவது. நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள், அதில் இரண்டு பிரதோஷம். உங்கள் விதி இரண்டுக்கும் சேர்த்து 28 நாள்தான் கொடுக்கிறது. மாதத்துக்கு ஒன்றரை நாள் முந்திக்கொண்டே போகும். முந்தி முந்தி, ஒரு கட்டத்தில் போன பிரதோஷத்துக்குப் பிந்தி வருவதுபோல் தெரியும். நீங்கள் பார்ப்பது அதுதான்.

பதினைந்து நாள் என்று மாற்றினாலும் தீராது, எதிர்ப்பக்கம் நகரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டின் தேதிகளை ஒரே மூச்சில் `RDATE` வரியில் பட்டியலாக எழுதிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் உட்கார வேண்டியதுதான்.

---

வேல்முனை | 18 ஜூலை, மாலை 6.00

கணினி வந்தும் கடைசியில் பஞ்சாங்கம்தானா. சரி, குருக்களிடம் கேட்டு எழுதுகிறேன். இந்திய நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தில் நம் ஊருக்கு ஒரு நாள் மாறுமா என்பதும் ஒரு பழைய சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை.

---

மண்டபச் செயலாளர் | 19 ஜூலை, காலை 10.30

லோரி அறிவிப்பை 15 ஜூலையை வைத்தே எழுதிவிட்டேன். முன்னோட்டத்தில் ஜூலை 29, ஆகஸ்டு 12, 26, செப்டம்பர் 9, 23, அக்டோபர் 7, 21 என்று போகிறது.

அந்த 21-ஐப் பார்த்ததும்தான் உறைத்தது. தீபாவளி அக்டோபர் 20 திங்கள். மறுநாள் லோரி வருமா? வராது என்றே நினைக்கிறேன். அந்த ஒரு நாளை மட்டும் எப்படி எடுப்பது?

---

கூலிம் ஷிப்ட் | 19 ஜூலை, காலை 11.00

```
EXDATE;TZID=Asia/Kuala_Lumpur:20251021T070000
```

மணியையும் எழுதுங்கள். தொடக்கத் தேதியில் காலை 7 என்று இருக்கும்போது விலக்கில் வெறும் தேதியை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது. அறிவிப்பு போய்விடும்.

---

கிராணி | 19 ஜூலை, மதியம் 12.10

விலக்குவது எளிது. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. 21-ஐ விட்டுவிட்டால் விதியின்படி அடுத்தது நவம்பர் 4. ஆனால் லோரிக்காரர்கள் விட்ட முறையை 28-ஆம் தேதி வந்து தீர்த்துவிட்டு, மீண்டும் நவம்பர் 4 வருவார்களா? அல்லது 28-லிருந்து புதிதாக எண்ணி நவம்பர் 11 வருவார்களா? முதலாவது என்றால் 28-ஐ `RDATE`-இல் சேர்த்தால் போதும். இரண்டாவது என்றால் இந்த விதியை அக்டோபர் 7-உடன் முடித்துவிட்டு, 28-ஐத் தொடக்கமாக வைத்துப் புது விதி எழுத வேண்டும். விலக்கை மட்டும் போட்டுவிட்டு இருந்தால் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பிசகும்.

---

லயத்துத் தம்பி | 19 ஜூலை, மதியம் 12.30

எங்கள் தாமானில் சீனப் புத்தாண்டுக்கு வராமல் இருந்தார்கள், அடுத்த வாரம் வந்தார்கள். அதன்பின் எப்படி எண்ணினார்கள் என்று கவனிக்கவில்லை.

---

மண்டபச் செயலாளர் | 19 ஜூலை, மாலை 6.45

லோரி ஓட்டுநரிடம் கேட்டேன். "மேலே சொல்வார்கள்" என்றார். குத்தகைக்காரர் அலுவலகத்துக்கு அழைத்தேன், அக்டோபர் அட்டவணை இன்னும் போடவில்லையாம். 21-க்கு விலக்கை எழுதிவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் அட்டவணை கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். எந்த விதி என்று அப்போது பார்ப்போம்.